கபாலி கோயிலுக்கும் சாந்தோமுக்கும் நடுவே ஒரு பந்தயம்

“கடவுள் இருந்தால் லாபம். இல்லாவிட்டால் நட்டம் ஒன்றும் இல்லை. அப்புறம் எதற்கு மாமா இவ்வளவு யோசனை?”

மயிலாப்பூர்க் குளத்தங்கரையில் நடந்துகொண்டிருந்தபோது என் அக்கா மகன் கேட்டான். அவனுக்கு வயது 28. சாந்தோமைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கப் பெண்ணை மணக்க விரும்புகிறான். பெண்ணின் தந்தை, திருமணத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்றுவிட்டால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். இவனுக்கு எந்தச் சமயத்திலும் நம்பிக்கை கிடையாது, எதன்மீதும் பகையும் கிடையாது. பெண் வீட்டாருக்காகச் சேர்ந்துவிடலாம் என்று மட்டும் அவன் சொல்லியிருந்தால் அது குடும்ப விஷயம் என்று விட்டிருப்பேன். அவனோ ஒரு கணக்கோடு வந்தான். பள்ளியில் முப்பது ஆண்டுகள் கணிதம் நடத்தியவன் நான். கணக்கு என்று ஒன்றை முன்னால் வைத்துவிட்டால் அதைச் சரிபார்க்காமல் என்னால் விட முடியாது.

அந்தக் கணக்குக்கு வயது முந்நூற்றைம்பதுக்கும் மேல். நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் பிளேஸ் பாஸ்கல் எழுதி வைத்தது. 1662-இல் 39 வயதில் அவர் இறந்துபோனார். கிறித்தவத்துக்காக ஒரு நூல் எழுத அவர் சேர்த்து வைத்திருந்த துண்டுக் குறிப்புகள் 1670-இல் அச்சாயின. அவற்றில் ஒரு குறிப்பு இது: கடவுள் உண்டா இல்லையா என்பதை அறிவால் முடிவு செய்ய இயலாது, ஆனாலும் நீ ஏதாவது ஒரு பக்கம் பணம் கட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் வாழ்வது என்பதே ஒரு பக்கம் நிற்பதுதான், உண்டு என்று கட்டி வென்றால் எல்லையற்ற பேரின்பம், தோற்றால் இழப்பது சிறிது, எனவே உண்டு என்றே கட்டு.

இந்தக் கணக்கின் வலிமையை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கடவுள் இருப்பதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். பக்தியோடு வாழ்வதற்கான செலவு பத்துப் புள்ளி. பரிசு ஒரு கோடிப் புள்ளி. ஒரு கோடியை ஆயிரத்தால் வகுத்தால் 10,000. பத்தைக் கழித்தாலும் 9,990 மிஞ்சுகிறது. பந்தயம் கட்டுவதுதான் அறிவுடைமை. பரிசு ஒரு கோடியாக இல்லாமல் முடிவிலியாக இருந்தால் வாய்ப்பு எத்தனை சிறியது என்பது பொருட்டே இல்லை. கோடியில் ஒன்று என்றாலும் முடிவிலியின் கோடியில் ஒரு பங்கு முடிவிலிதான். சான்று போதவில்லை என்று சொல்பவனின் வாயை இது அடைத்துவிடுகிறது. எவ்வளவு குறைந்த சான்று இருந்தாலும் போதும், சுழியாக மட்டும் இருக்கக் கூடாது.

என் மருமகன் இந்தக் கட்டத்தில் நின்றிருந்தான். இரண்டே பத்திகள் கொண்ட அட்டவணை அவனிடம் இருந்தது: உண்டு, இல்லை.

நாங்கள் நின்ற இடத்தைப் பார் என்றேன். முன்னால் கபாலீசுவரர் கோயில். கிழக்கே நடந்தால் சாந்தோம் தேவாலயம். வடக்கே திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயில், அங்கேயே 1795-இல் கட்டிய வாலாஜா பெரிய பள்ளிவாசல். வேப்பேரிக்குப் போனால் பெரியார் திடல். இந்தச் சின்ன வட்டத்துக்குள்ளேயே உன் அட்டவணையில் எத்தனை பத்திகள் தேவைப்படுகின்றன? சாந்தோம் சொல்வது உண்மையாக இருப்பதற்கு நூறில் ஒரு வாய்ப்பு, பள்ளிவாசல் சொல்வதற்கு நூறில் ஒன்று, நான் இதுவரை கேள்விப்படாத ஒரு தெய்வத்துக்கு லட்சத்தில் ஒன்று என்று வை. ஒவ்வொன்றும் எல்லையற்ற பரிசு தருமானால், மூன்று பந்தயங்களின் மதிப்பும் முடிவிலி. மூன்றும் சமம். எதைத் தேர்வது என்று கணக்கு சொல்லவில்லை.

இதுதான் பல தெய்வச் சிக்கல். பிரெஞ்சு மெய்யியலாளர் டெனி தீதரோ 18-ஆம் நூற்றாண்டிலேயே இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: ஓர் இமாமும் இதே வாதத்தை அப்படியே சொல்லலாமே. சான்று குறைவு என்ற எதிர்ப்பை வெல்வதற்காகக் கணக்குக்குள் கொண்டுவந்த முடிவிலியே இங்கே அதை முடக்கிவிடுகிறது. பத்தி கூடக் கூட நிலைமை மோசமாகிறது. தெய்வங்களைக்கூட விடுங்கள், ஒரே தெய்வத்தை வைத்துக்கொண்டாலும் அண்மைக்கால மெய்யியலாளர்கள் இன்னொரு ஓட்டையைக் காட்டினார்கள். 1986-இல் ஆன்டனி டஃப் தொடங்கிவைத்து, 2003-இல் ஆலன் ஹாயெக் விரித்தெழுதியது அது. ஒருவன் காசைச் சுண்டித் தலை விழுந்தால் நம்புவேன், பூ விழுந்தால் மாட்டேன் என்கிறான். அவன் பரிசு பெறும் வாய்ப்பு பாதி. முடிவிலியில் பாதி முடிவிலி. அப்படியென்றால் காசு சுண்டுபவனும் முழு மனத்தோடு நம்புபவனும் கணக்கில் சமம். இன்று ஒன்றும் செய்யாமல் காபி குடிக்கப் போகிறவனுக்கும் என்றாவது ஒருநாள் நம்பிக்கை வரச் சிறு வாய்ப்பு இருக்கிறதே, அவனும் சமம். எதைச் செய்தாலும் ஒரே மதிப்பு என்று சொல்லும் கணக்கு எதையும் பரிந்துரைக்கவில்லை என்றே பொருள்.

அவன் சற்று நேரம் பேசாமல் வந்தான். பிறகு மூன்று வழிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவைத்தான். நேர்மையாகச் சொன்னால், பாஸ்கலுக்காக வாதிட்ட பலரும் எடுத்த வழிகளே அவை.

முதல் வழி, சமமாக இருந்தால் வாய்ப்பு அதிகம் உள்ளதைத் தேர்வது. பரிசுகள் எல்லாம் எல்லையற்றவை என்றால், பரிசு கிடைக்கும் வாய்ப்பை மட்டும் ஒப்பிட்டால் போதாதா? ஜார்ஜ் ஷ்லெசிங்கர் என்ற மெய்யியலாளர் இப்படித்தான் வாதத்தைச் சீர்செய்தார். இது நியாயமான திருத்தம். காசு சுண்டுபவனின் வாய்ப்பு பாதி, முழுதாக நம்புபவனின் வாய்ப்பு முழுமை. அந்த ஓட்டை உடனே அடைபடுகிறது. ஆனால் சாந்தோமுக்கு நூறில் ஒன்று, பள்ளிவாசலுக்கு நூறில் இரண்டு என்று எழுத வேண்டிய இடத்தில் அந்த எண்ணை எங்கிருந்து எடுப்பது? வரலாறு, சாட்சிகள், தத்துவ வாதங்கள், மனிதர்களின் அனுபவம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் எடுக்க முடியும். சான்றைத் தேடும் வேலையிலிருந்து விடுதலை தருவதாகச் சொன்ன வாதம் நம்மைத் திரும்ப அங்கேயே கொண்டுபோய் விடுகிறது. பாஸ்கலுக்கு இது தெரியாமல் இல்லை. அதே குறிப்பில் எதிராளி கேட்கிறான்: சீட்டுகளின் மறுபக்கத்தைப் பார்க்க வழியே இல்லையா? உண்டு, வேதாகமமும் பிறவும் இருக்கின்றன என்று பதில் வருகிறது. மற்றச் சமயங்களைப் பற்றித் தனிக் குறிப்புகளும் அவர் எழுதி வைத்திருந்தார். பந்தயத்தை மட்டும் பிய்த்தெடுத்து அதுவே போதும் என்று பேசியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இரண்டாவது வழி எல்லாரையும் கும்பிடுவது. சென்னையில் இதற்குப் பெரிய பழக்கம் இருக்கிறது. பெசன்ட் நகரில் அஷ்டலட்சுமியைத் தொழுதுவிட்டு வேளாங்கண்ணி மாதா ஆலயத்தில் மெழுகுவத்தி ஏற்றும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களின் பக்தி எனக்கு மதிப்புக்குரியது. அவர்கள் பந்தயம் கட்டவில்லை, தாயென்று நம்பிப் போகிறார்கள். கணக்காக இதைச் செய்ய நினைப்பவனுக்குத்தான் இடறல். எந்தத் தெய்வம் பங்குபோட்ட பக்தியை ஏற்கும் என்பதை ஒவ்வொரு பத்தியாகப் பார்க்க வேண்டும். சைவத்தில் இடையூறே இல்லை. “யாதொரு தெய்வம் கொண்டீர் அத்தெய்வமாகி ஆங்கே மாதொரு பாகனார் தாம் வருவர்” என்கிறது சிவஞான சித்தியார். ஆனால் பத்துக் கட்டளைகளில் முதலாவது வேறு தெய்வங்களுக்கு இடம் கொடுக்கவில்லை. இறைவனுக்கு இணை வைப்பது மன்னிக்கப்படாத பாவம் என்கிறது குர்ஆன். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கட்டுகிறவன், கண்டிப்பான இரண்டு பத்திகளிலும் தோற்கிறான்.

அவன் உடனே பிடித்துக்கொண்டான். “அப்படியானால் கண்டிப்பானவர் பக்கம் போவதுதானே மாமா பாதுகாப்பு? ஈசன் கோபித்துக்கொள்ள மாட்டார். சாந்தோமில் சேர்ந்தாலும் அவரே அங்கே வருவார் என்கிறீர்கள். அங்கே கட்டினால் இரண்டு பக்கமும் ஜெயம்.”

இதுதான் மூன்றாவது வழி. மூன்றில் இதுவே கூர்மையானது என்பதால் இதற்கு அதிக நேரம் கொடுத்தோம். அவன் சொன்னது, சைவத்தையும் கத்தோலிக்கத்தையும் மட்டும் ஒப்பிட்டால், கணக்காகச் சரி. ஆனால் கண்டிப்பானவர் ஒருவர் மட்டும் அல்லர் என்று இப்போதுதான் பார்த்தோம். ஒருவர் பக்கம் முழுதாகச் சாய்வது மற்றவர் பத்தியில் முழுதாகத் தோற்பது. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இந்த விதிப்படி, அதிகமாக அச்சுறுத்துகிறவருக்கே நம் நம்பிக்கை போகும். அச்சுறுத்துவதற்குச் செலவு ஏதும் இல்லை. நாளை யாரோ ஒருவர் தெருமுனையில் நின்றுகொண்டு, என்னை வணங்காதவருக்கு நரகம், என் நரகம் மற்ற நரகங்களைவிடப் பத்து மடங்கு கொடியது என்றால், இந்தக் கணக்கு அவரை நோக்கி நகர வேண்டும். பொய்யர்கள் தாங்களாகவே மேலே வந்துவிடும் ஒரு தேர்வு முறையை உண்மையைத் தேடும் முறை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் சொன்னேன். சாந்தோம் பத்தியை அவன் சரியாகப் படிக்கவில்லை. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றி வெளியிட்ட கோட்பாட்டுக் கொள்கைத் திரட்டின் 16-ஆம் பிரிவு, தம் குற்றத்தால் அன்றி நற்செய்தியை அறியாமல் இருப்பவர்கள், நேர்மையான இதயத்தோடு தேடி மனச்சான்றின்படி வாழ்ந்தால் மீட்பு பெறக்கூடும் என்கிறது. கடவுளைப் பற்றித் தெளிவான அறிவுக்கு இன்னும் வராதவர்களையும் அது விலக்கவில்லை. அப்படியானால் கத்தோலிக்கர்கள் நம்பும் கடவுளின் பத்தியிலேயே, நேர்மையாக ஐயப்படுகிறவனுக்கு வாசல் அடைபடவில்லை. நம்பாமல் நம்புவதாகச் சொல்லித் திருமுழுக்குப் பெறுகிறவனின் நிலைதான் அங்கே சிக்கலானது. குர்ஆனும் வெளியே விசுவாசம் காட்டி உள்ளே மறுக்கும் நயவஞ்சகர்களுக்கு நரகத்தின் அடித்தட்டைச் சொல்கிறது. போலி நம்பிக்கைக்குப் பரிசு தரும் பத்தியை நாங்கள் தேடித் தேடிப் பார்த்தோம், அகப்படவில்லை.

பாஸ்கலுக்கு இங்கே ஒரு பதில் உண்டு, அதை விட்டுவிட்டால் அவருக்கு அநீதி செய்ததாகும். அவர் போலி நம்பிக்கையைக் கேட்கவில்லை. நம்ப முடியவில்லையே என்பவனிடம், நம்புகிறவர்கள் செய்ததைச் செய், புனித நீரைத் தொட்டுக்கொள், பூசைக்குப் போ, பழக்கம் உன்னை மெல்ல மெல்ல உண்மையான நம்பிக்கைக்குக் கொண்டுபோகும் என்றார். மனித மனத்தை அறிந்தவர் சொன்ன வார்த்தை இது. பழக்கம் நம்பிக்கையை உண்டாக்கும் என்பதை நானும் மறுக்கவில்லை. என் பாட்டி சொல்லிக்கொடுத்த திருநீற்றுப் பழக்கம் இன்றும் என் நெற்றியில் இருக்கிறது. என் தயக்கம் இதுதான்: அதே மருந்து எல்லா இடத்திலும் வேலை செய்யும். இவன் நாளைமுதல் ஐந்து வேளை வாலாஜா பள்ளிவாசலுக்குப் போனால் இரண்டு ஆண்டில் அங்கே நம்பிக்கை வரும். வேப்பேரிக் கூட்டங்களுக்குத் தவறாமல் போனால் இல்லை என்பதில் உறுதி வரும். எந்த முடிவையும் தரக்கூடிய ஒரு வழி, எந்த முடிவு சரி என்று காட்டாது. எங்கே போய்ப் பழகுவது என்பதை முதலில் வேறு ஏதாவதுதான் தீர்மானிக்க வேண்டும்.

அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் அந்த வேறு ஏதாவது என்ன என்று சொல்ல முயன்றார். எல்லாத் தெய்வங்களும் ஒருவனுக்கு உயிருள்ள தெரிவாக இருப்பதில்லை. அவன் மனம் எதை நோக்கி உண்மையாகவே அசையக்கூடுமோ அவைமட்டும் பத்திகளாகட்டும் என்பது அவர் கருத்தின் சாரம். என் மருமகனுக்குச் சைவமும் கத்தோலிக்கமும் உயிருள்ளவை, மற்றவை அல்ல. அட்டவணை சுருங்கிவிடுகிறது. ஆனால் அவன் திருவல்லிக்கேணியில் ஓர் இஸ்லாமியப் பெண்ணை விரும்பியிருந்தால் வேறு இரண்டு பத்திகள் உயிர் பெற்றிருக்கும். யாரோடு பழகுகிறோம் என்பது எது உண்மை என்பதற்கு அளவுகோல் ஆகாது. ஜேம்ஸும் பந்தயக் கணக்கை விரும்பவில்லை. இப்படிக் கணக்குப் பார்த்து வருகிறவர்களுக்குப் பரிசை மறுப்பதில், கடவுளின் இடத்தில் நாம் இருந்தால் மகிழ்ச்சியே அடைவோம் என்று எழுதினார்.

அப்படியானால் பந்தயத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லையா? மிஞ்சுகிறது, அதை வேறொரு பழைய பந்தயத்தின் பக்கத்தில் வைத்தால் தெரியும். பாலி மொழியில் உள்ள பௌத்த நூல் தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 60-ஆவது சூத்திரம் அபண்ணகம் எனப்படுவது. சாலை என்ற ஊரின் அந்தணர்களைப் புத்தர் கேட்கிறார்: உங்கள் மனத்துக்கு நம்பிக்கையான ஆசான் யாராவது உண்டா? இல்லை என்கிறார்கள். அப்படியானால் பிசகாத இந்த நெறியைக் கொள்ளுங்கள் என்று தொடங்குகிறார். எந்த ஆசானையும் நம்ப முடியாதவர்களுக்கென்றே சொன்ன வாதம். என் மருமகனின் நிலையும் அதுதான். மறுமை இருக்குமானால் நல்லவன் அங்கும் வெல்கிறான். இல்லாமலே போனாலும் இங்கே சான்றோர் மதிப்பைப் பெறுகிறான். தீயவன் மறுமை இல்லாவிட்டாலும் இங்கேயே பழிக்கப்படுகிறான். சூதாட்டக் காயின் சொல்லாலேயே சூத்திரம் இதைச் சொல்கிறது: ஒருவனுக்கு இரு பக்கமும் வெல்லும் வீச்சு, மற்றவனுக்கு இரு பக்கமும் தோற்கும் வீச்சு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். பாஸ்கல் கட்டச் சொல்வது குறிப்பிட்ட ஒரு கடவுள்மீது, வென்றால்தான் பலன். புத்தர் கட்டச் சொல்வதன் பெரும்பகுதி நடத்தைமீது. பலனில் ஒரு பங்கு எந்தப் பத்தி உண்மையானாலும் கைக்கு வருகிறது. பொய் சொல்லாமை, கொல்லாமை, கொடுத்தல் ஆகியவற்றுக்குக் கபாலி கோயிலிலும் சாந்தோமிலும் பள்ளிவாசலிலும் நன்மதிப்பு உண்டு, பெரியார் திடலிலும் உண்டு. பத்திகள் பெருகினாலும் இந்தப் பந்தயம் அவ்வளவாக நொறுங்குவதில்லை. எல்லையற்ற பரிசை அது பயன்படுத்தாததால் காசு சுண்டும் ஓட்டையும் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. அதே சூத்திரம் மறுமை உண்டு என்ற பார்வையையும் கொள்ளச் சொல்கிறது, நடத்தையோடு நிற்பதில்லை. நம்பிக்கை இல்லாமல் நற்செயல் மட்டும் போதாது என்று சொல்லும் பத்திகளில் நல்லவன் தோற்பான். அந்த ஆபத்தை எந்தக் கணக்காலும் நீக்க முடியாது. அவற்றில் எது உண்மை என்று தேடிப் பார்ப்பதுதான் எஞ்சியிருக்கும் வழி. மணிமேகலை வஞ்சி மாநகரில் அதைத்தான் செய்தாள். அளவை வாதி, சைவ வாதி, வைணவ வாதி, ஆசீவகன், நிகண்டன் என்று சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் அவரவர் திறம் கேட்டாள். யார் அதிகம் பயமுறுத்தினார்கள் என்று பார்த்து அவள் முடிவெடுக்கவில்லை.

ஆகவே அவனிடம் நான் சொன்ன ஒப்பீடு இப்படி முடிந்தது. பந்தயத்தை நம்பி ஞானஸ்நானம் பெறுவது, நான் பார்த்த எல்லாத் தெரிவுகளிலும் பலவீனமானது. அது எந்தத் தெய்வத்தின் கணக்கில் வெற்றி தர வேண்டுமோ அந்தக் கணக்கிலேயே ஐயத்துக்குரியது. எல்லாரையும் வணங்குவது, மனத்தோடு செய்தால் மதிப்புக்குரியது, பாதுகாப்புக்காகச் செய்தால் பயனற்றது. நடத்தைமீது கட்டிவிட்டு, நேர்மையாகத் தேடிக்கொண்டிருப்பது ஆபத்தில்லாததல்ல, ஆனாலும் மற்றவற்றைவிட உறுதியானது. தேடலில் சாந்தோம் சொல்வதே உண்மை என்று அவன் மனம் ஒருநாள் ஏற்றுக்கொண்டால், அன்றைக்குப் போய் நீரில் தலை குனியட்டும். அந்த விழாவுக்கு நான் முதல் ஆளாக வருவேன்.

“அதற்குள் கல்யாணம்?” என்றான்.

அவன் இரண்டு முடிவுகளை ஒன்றாகக் கட்டிவைத்திருந்தான். முடிச்சை அவிழ்க்க வழி இருக்கிறது. ஞானஸ்நானம் பெறாத ஒருவரைக் கத்தோலிக்கர் மணக்கத் திருச்சபைச் சட்டத்திலேயே இடம் உண்டு. ஆயரின் விலக்களிப்பு வேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வதாகப் பெண் வாக்குக் கொடுக்க வேண்டும், இவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அதுவும் வேண்டாமென்றால் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. 30 நாள் அறிவிப்புக்குப் பின் பதிவு அலுவலகத்தில் மணக்கலாம்.

மறுநாள் அவன் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான், ஆயிரத்தில் ஒன்று, காசு சுண்டுவது உட்பட. அவள் கேட்டுவிட்டு, “நீ நம்பாமல் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அப்பாவுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்தில் உட்காரும்போது எனக்கு மட்டும் கஷ்டமாக இருந்திருக்கும்” என்றாளாம். பங்குத்தந்தையைப் பார்க்க இருவரும் சேர்ந்தே போனார்கள். இவன் தனக்கு நம்பிக்கை இல்லை என்பதை மறைக்காமல் சொல்ல, விலக்களிப்புக்கான விண்ணப்பத்தை அவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். படிப்பதற்கு ஏதாவது தாருங்கள் என்று இவனாகவே கேட்டு, மாற்கு எழுதிய நற்செய்தியின் சிறு பிரதி ஒன்றையும் வாங்கி வந்திருக்கிறான். மூன்றாம் அதிகாரம்வரை வந்துவிட்டதாக நேற்றுச் சொன்னான்.